புதுப்பிப்பு: ஒரே கரண்ட், ஒரே நேரம், வெள்ளி மட்டும் ஏன் இவ்ளோ அதிகம்?

முன்ன கேட்டது: "காப்பர் சல்பேட், சில்வர் நைட்ரேட் செல் ரெண்டையும் சீரீஸ்ல மாட்டி 0.5 ஆம்பியர் 30 நிமிஷம் விட்டா காப்பர் 0.30 கிராம், வெள்ளி 1.01 கிராம் படியுது, ஏன்?"

"வெள்ளி அணு கனம்"னு ஒருத்தர் சொன்னது பாதி சரி, அது 1.7 மடங்குக்குத்தான் கணக்கு காட்டுது. இன்னொரு அண்ணா "மொதல்ல எலக்ட்ரானை எண்ணு"ன்னார்: 0.5 × 1800 = 900 கூலும், அதை ஒரு மோல் எலக்ட்ரானோட சார்ஜான 96485-ஆல வகுத்தா 0.00933 மோல் எலக்ட்ரான், ரெண்டு செல்லுக்கும் இதேதான், ஆனா Ag⁺க்கு ஒண்ணு போதும், Cu²⁺க்கு ரெண்டு வேணும், அதனால காப்பர் 0.00466 மோல்தான், காப்பரோட அணு எடை 63.55-ஆல பெருக்கினா 0.296 கிராம்.

நிக்கல் பூசறவர் ஒருத்தர் தனக்கு எப்பவும் கணக்கை விட கம்மியாத்தான் வருதுங்கறார், கேத்தோடுல குமிழியும் வருதாம், அப்ப கொஞ்சம் எலக்ட்ரான் ஹைட்ரஜனுக்குப் போகுது போல. எவ்ளோன்னு அவர் எடை போட்டுச் சொல்லணும்.