‘கம்’ என்றால் வருகிறது, ‘வா’ என்றால் நிற்கிறது: உங்கள் நாய் எப்படி?

கோமதி, மதுரை:
பெங்களூரில் நான்கு வருடம் ‘சிட்’, ‘ஸ்டே’, ‘கம்’ கேட்டு வளர்ந்தவள் எங்கள் லேப்ரடார் ரூபி. போன மாதம் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒருநாள் கேட் திறந்து கிடந்தது, ரூபி நடுத்தெருவில். அம்மா வாசலில் நின்று ‘வா, வாடி, வாம்மா’ என்று கத்துகிறார். அது வாலை ஆட்டியபடி அம்மாவையே பார்க்கிறது, அசையவில்லை. முனையில் மினி பஸ் திரும்புகிறது. மாடியிலிருந்து நான் ‘கம்!’ என்றதும் ஒரே பாய்ச்சல். “என் பேச்சு அதுக்குப் புரியலையாடி” என்று அம்மா கேட்டது இன்னும் உறுத்துகிறது. பதறினால் அவர் வாயில் தமிழ்தான் வரும். ரூபிக்குத் தமிழ் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா?

செல்வம்:
நாய்க்கு மொழியெல்லாம் கிடையாது, குரல்தான். எங்கள் சிப்பிப்பாறை எதைச் சொன்னாலும் கேட்கும். அம்மாவை அதட்டிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:
செல்வம் சார், குரல் முக்கியம்தான். ஆனால் அதட்டிக் கூப்பிட்டால் பல நாய்கள் பயந்து விலகும். உங்கள் நாய் கையைப் பார்த்துக்கூடச் செய்யலாம். கையைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிச் சொல்லிப் பாருங்கள். புடாபெஸ்டில் 18 நாய்களை ஸ்கேன் செய்து 2022ல் வெளியிட்ட ஆய்வில், பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் மூளை வேறு வேறாக வேலை செய்தது தெரிந்தது.

கோமதி, புதுச் சொல்தான் முதலில் வர வேண்டும். ‘வா’, ஒரு நொடி இடைவெளி, பிறகு ‘கம்’. வந்ததும் தீனி. நான் ஒரு நாய்க்கு ‘கம், வா’ என்று மாற்றிச் சொல்லி மூன்று வாரம் வீணடித்தேன். பழைய சொல் கேட்டதுமே அது கிளம்பிவிடும், பின்னால் வருவதைக் கவனிக்கவே இல்லை. வேளைக்குப் பத்து தடவை போதும். ‘கம்’ சொல்வதற்குள் உடம்பு அசைந்தால் ‘வா’ பிடிபட ஆரம்பித்துவிட்டது, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள். அம்மாவே சொல்லி, அம்மா கையாலேயே தீனி தர வேண்டும். முதலில் கூடம், அப்புறம் முற்றம், கடைசியில்தான் தெரு, அதுவும் நீளக் கயிற்றோடு.

இன்னொன்று, ‘சாப்பிட வா’, ‘உள்ளே வா’ என்று வீட்டில் நாளெல்லாம் ‘வா’ ஒலிக்கும், நாய் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. எப்போதும் ‘ரூபி, இங்கே வா’ என்றே கூப்பிடுங்கள், வாடி, வாம்மா வேண்டாம். ‘உட்காரு’, ‘இரு’ இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் குழப்பும். ‘ஸ்டே’க்கு ‘நில்லு’ வைத்துக்கொள்ளுங்கள்.

மலர், புனே:
எங்கள் ராஜபாளையம் ஊரிலிருந்து தமிழோடு வந்தவன். ஊசி போட வந்த டாக்டர் ‘பைட்டோ, பைட்டோ’ என்கிறார், இவன் விறைத்து நிற்கிறான். நான் ‘உட்காரு ராசா’ என்றதும் பின்னங்கால் மடங்கி என் பாதத்தின் மேலேயே உட்கார்ந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவனுக்கு ‘இரு’, ‘உட்காரு’ ஒருநாளும் குழம்பியதில்லை. ‘நில்லு’ என்றால் உட்கார்ந்த நாய் எழுந்துவிடாதா?

காவிரிக்கரை:
புதிதாகப் பழகும் நாய்க்குத்தான் அந்தக் குழப்பம் என்பது என் அனுபவம். ‘நில்லு’ பற்றி நீங்கள் சொல்வதும் யோசிக்க வேண்டியதுதான்.

செல்வம்:
முதுகைக் காட்டிச் சொல்லிப் பார்த்தேன். ‘வா’வுக்கு வந்தது. ‘உட்காரு’வுக்குச் சுற்றி முன்னால் வந்து, கட்டியிருந்த என் கையை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது.