புதுப்பிப்பு: தாமிரபரணி அணைக்கட்டு வீடியோவின் தம்ப்நெயில்

முன்பு கேட்டது: "கம்ப்யூட்டர்ல பளிச்சுன்னு இருக்கு, போன்ல எழுத்தே தெரியல. என்ன செய்ய?"

பாளையங்கோட்டையில் பேனர் வடிவமைக்கும் அண்ணாச்சி, 1280×720 படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்க்கச் சொன்னார். எட்டில் ஒரு பங்கு! 64 பிக்சல் உயர எழுத்து வெறும் 8 பிக்சல் ஆகிறது. 'ணை'யின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன, புள்ளிகள் காணாமல் போகின்றன. எழுத்தைச் சுற்றித் தடித்த கோடு போட்டால் இன்னும் மோசம். "தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள்" என்பதை "8 அணைகள்" என்று சுருக்கி, 180 பிக்சல் உயரம் வைத்தேன். இப்போது தெளிவு.

"மஞ்சள் எழுத்து போதும்" என்றார் ஒருவர். பாதி சரி. வெயிலடிக்கும் மணல்மேல் மஞ்சள் எடுபடவில்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் எழுத்தும் மணலும் ஒன்றாகிவிட்டன. அடியில் கருநீலப் பட்டை கொடுத்த பிறகே சரியானது.

வீடியோவில் வரும் சாரின் முழு உருவத்தைத் தோள்வரை வெட்டி இடப்பக்கம் வைத்தேன். வலது கீழ் மூலையில் வீடியோ நேரம் ஏறி உட்காரும், அங்கே எதுவும் வேண்டாம்.



சாரின் முகமே தேவையில்லை, எட்டில் ஒன்றான மருதூர் அணை மட்டும் போதும் என்கிறார் அக்கா. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டையும் போட்டுப் பார்க்கப் போகிறேன்.