இரண்டாம் வகைக்கெழு இல்லாமல் வளைவு எப்படிக் கிடைக்கிறது?

கயல்: ஒரு சார்பின் மிகக் குறைந்த மதிப்பைத் தேடும் பிஎஃப்ஜிஎஸ் முறையில் இரண்டாம் வகைக்கெழுக்களின் அணியான ஹெஸ்ஸியனைக் கணக்கிடுவதே இல்லை, ஆனாலும் உள்ளே ஒரு வளைவு அணி உருவாகிறது என்கிறார்கள். நாம் கொடுப்பது முதல் வகைக்கெழுக்களான கிரேடியன்ட் மட்டும்தான். கொடுக்காத தகவல் எங்கிருந்து வருகிறது?

செழியன்: இதில் மாயம் ஒன்றும் இல்லை. இரண்டு இடத்தில் கிரேடியன்ட் எடுத்துக் கழித்தால் அது எவ்வளவு மாறியது என்று தெரியும், கிரேடியன்ட் மாறும் வேகம்தானே வளைவு. எண் வழியில் ஹெஸ்ஸியன் கணக்கிடும் பழைய வித்தையையே வேறு பெயரில் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

நிலவன்: கிரேடியன்ட் வித்தியாசம் என்பது வரை சரி. பழைய வித்தை என்பதைத்தான் ஏற்க முடியாது. அந்த வித்தையில் ஒவ்வொரு அச்சிலும் துளியூண்டு நகர்ந்து பார்க்க வேண்டும், 100 மாறிகள் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 100 கிரேடியன்ட் கூடுதல் செலவு. இங்கே கூடுதல் செலவு பூஜ்யம். எப்படியும் வைக்கப்போகும் அடிதான் s, இரு முனைகளிலும் எப்படியும் கணக்கிடப்போகும் கிரேடியன்ட்களின் வித்தியாசம்தான் y. புதிய அணி B-யிடம் கேட்பது ஒன்றே ஒன்று: `B s = y`. இப்போது வைத்த அடியை உன்னிடம் கொடுத்தால், நேரில் பார்த்த மாற்றத்தை அப்படியே திருப்பிச் சொல்.

சிக்கல் என்னவென்றால், 100 மாறிகளுக்குச் சமச்சீர் ஹெஸ்ஸியனில் 5050 எண்கள் இருக்கின்றன, ஓர் அடி தருவது 100 சமன்பாடுகள்தான். மீதிக்கு என்ன செய்வது? பழைய B சொன்னதை முடிந்தவரை கலைக்காமல் வைத்துக்கொள்வது. இந்த முறையின் மூளையே இந்த மீதியை நிரப்பும் விதத்தில்தான் இருக்கிறது. செழியன் அதைத் தொடவே இல்லை.

கயல்: ஓர் உதாரணம் போட்டுக் காட்டுவீர்களா? சின்னதாக இருந்தால் போதும்.

நிலவன்: சரி. `f = ½(x₁² + 9x₂²)`. உண்மை ஹெஸ்ஸியனின் மூலைவிட்டத்தில் 1, 9, மற்ற இடங்களில் 0. நமக்கு அது தெரியாது என்று வைத்துக்கொள்வோம், B-யை அலகு அணியாக வைத்துத் தொடங்குகிறோம். தொடக்கப் புள்ளி (9, 1), அங்கே கிரேடியன்ட் (9, 9). அதற்கு எதிர்த்திசையில் f மிகக் குறையும் இடம்வரை போனால் அடி நீளம் 0.2, போய்ச் சேருவது (7.2, −0.8), புதிய கிரேடியன்ட் g = (7.2, −7.2). ஆக s = (−1.8, −1.8), y = (−1.8, −16.2). இரண்டு அச்சிலும் ஒரே அளவுதான் நகர்ந்தோம், ஆனால் இரண்டாவதில் கிரேடியன்ட் 9 மடங்கு அதிகம் மாறிவிட்டது. கயல் கேட்ட தகவல் இதோ இங்கேதான் உள்ளே வருகிறது.

```
B₁ = I − s sᵀ/(sᵀs) + y yᵀ/(yᵀs)

   = [ 0.6  0.4 ]
     [ 0.4  8.6 ]
```

கழிக்கும் உறுப்பு, s திசையைப் பற்றி பழைய அணி சொல்லிக்கொண்டிருந்ததை அழிக்கிறது. கூட்டும் உறுப்பு, அளந்ததை அங்கே எழுதுகிறது. B₁-ஐ s-ஆல் பெருக்கிப் பாருங்கள், y அப்படியே வரும். அடுத்த திசை −B₁⁻¹g = (−12.96, 1.44). நாம் நிற்பது (7.2, −0.8). இரண்டும் 9-க்கு 1 என்ற அதே விகிதம், எதிர்க் குறி. அதாவது அடுத்த திசை நேராக (0, 0)-வைக் காட்டுகிறது. கிரேடியன்ட் திசையிலேயே போய்க்கொண்டிருந்தால் f ஒவ்வோர் அடிக்கும் 0.64 மடங்காகத்தான் இறங்கும், 10 அடிக்குப் பிறகும் 45-இலிருந்து சுமார் 0.5 வரைதான் வந்திருக்கும்.

செழியன்: இருபடிச் சார்பு, இரண்டே மாறி, அடி நீளமும் கச்சிதம். இப்படி எல்லாம் சாதகமாக அமைந்தால் எந்த முறைதான் அழகாகத் தெரியாது? நிஜச் சார்பில் வளைவு இடத்துக்கு இடம் மாறும். அங்கே உங்கள் y எந்த இடத்தின் வளைவு?

நிலவன்: எந்த ஓர் இடத்தினுடையதும் அல்ல. அடியின் பாதை முழுவதும் ஹெஸ்ஸியனைச் சராசரி எடுத்து s-ஆல் பெருக்கினால் வருவதுதான் y. அடி நீளமாக இருக்கும்போது அந்தச் சராசரி மொத்தையாக இருக்கும், உச்சியைவிட்டு அடிவாரம் நெருங்க நெருங்க அடியும் சிறுக்கும், சராசரியும் அந்த இடத்து வளைவாகவே ஆகிவிடும்.

அருள்மொழி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் வேலை தரவுக்குக் கணித மாதிரிகளைப் பொருத்துவது. பைத்தானின் சைபை நூலகத்தில் `minimize(fun, x0, method='BFGS')` ஓட்டிவிட்டு, விடையோடு வரும் `hess_inv`-இன் மூலைவிட்டத்துக்கு வர்க்கமூலம் எடுத்து அதையே திட்டப்பிழையாக அறிக்கையில் போடுகிறேன். ஒரே தரவு, ஒரே விடை, ஆனால் தொடக்கப் புள்ளியை மாற்றினால் திட்டப்பிழை மட்டும் மாறுகிறது. நிரலில் பிழையா?

நிலவன்: நிரலில் பிழை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே உள்ள B₁-இன் தலைகீழின் மூலைவிட்டம் 1.72, 0.12. உண்மை 1, 0.111. அந்த நிலையில் நிறுத்தினால் x₁-இன் மாறுபாடு 72% அதிகமாக வரும். விடைக்கு மிக அருகில் தொடங்கினால் இன்னும் மோசம், இரண்டு மூன்று அடியில் முடிந்துவிடும், அணி கிட்டத்தட்ட அலகு அணியாகவே நிற்கும். எந்தத் திசையில் அடி வைக்கவில்லையோ அந்தத் திசையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அறிக்கைக்கு வேண்டுமென்றால் விடை கிடைத்த இடத்தில் ஹெஸ்ஸியனைத் தனியாக ஒருமுறை கணக்கிடுங்கள்.

செழியன்: பார்த்தீர்களா! வளைவு மதிப்பீடு என்று பெயர், ஆனால் வளைவைக் கேட்டால் நம்பாதே என்கிறார்.

நிலவன்: எதற்கான மதிப்பீடு என்பதுதான் கேள்வி. 1974-இல் டென்னிஸும் மோரேயும் காட்டியது இதுதான்: வேகமாக ஒருங்க B முழுவதும் உண்மை ஹெஸ்ஸியனை நெருங்க வேண்டியதில்லை, போகும் திசையில் அது சொல்வது சரியாகிக்கொண்டே வந்தால் போதும். வழிகாட்டப் போதும், அளவுகோலாகப் போதாது.

பாரி: நானே எழுதிய பிஎஃப்ஜிஎஸ் ஒன்று இருக்கிறது. f குறையும்வரை அடியைப் பாதியாக்கிக்கொண்டே போவேன், அவ்வளவுதான். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் திடீரென்று காட்டும் திசையே மேட்டை நோக்கி இருக்கிறது. கிரேடியன்டை இருமுறை சரிபார்த்துவிட்டேன்.

நிலவன்: ஒவ்வோர் அடியிலும் `sᵀy`-ஐ அச்சிட்டுப் பாருங்கள். எங்கோ எதிர்க்குறியில் வந்திருக்கும். நடந்த திசையில் நிலம் கவிழ்ந்த கிண்ணம் மாதிரி வளைந்திருந்தால் அப்படித்தான் வரும், அதையும் B-க்குள் எழுதிவிட்டால் அப்புறம் இறங்கு திசைக்கு உத்தரவாதம் இல்லை. f குறைந்தால் போதும் என்ற நிபந்தனை இதைத் தடுக்காது. கிரேடியன்டின் சரிவும் போதுமான அளவு தணிந்திருக்க வேண்டும் என்ற வுல்ஃபின் இரண்டாம் நிபந்தனையையும் சேர்த்தால் `sᵀy` எப்போதும் நேர்க்குறியாக இருக்கும். அது கஷ்டம் என்றால், எதிர்க்குறி வரும் அடியில் B-யைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பாரி: அச்சிட்டேன். திசை கெடுவதற்கு முந்தைய அடியில் −0.003. ஆனால் தொடாமல் விட்டால் எதிர்மறை வளைவு இருக்கிறது என்ற உண்மையையே தூக்கி எறிகிறோம் இல்லையா?

செழியன்: அதைத்தான் நானும் கேட்கிறேன். B-யை வேறு சூத்திரத்தால் மாற்றும் எஸ்ஆர்1 புதுப்பிப்பு எதிர்க்குறியையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும், அடி நீளத்துக்கு எல்லை போடும் நம்பிக்கை வட்டத்தோடு சேர்த்தால் ஓடவும் செய்யும். பிஎஃப்ஜிஎஸ் பிடிக்காத செய்தியைக் காதில் வாங்காது.

நிலவன்: எஸ்ஆர்1-இல் வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கும் தொல்லை இருக்கிறது, அங்கேயும் சில அடிகளைத் தவிர்த்தே ஆக வேண்டும். பாரியின் சார்புக்கு எது நல்லது என்று ஓட்டிப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

பாரி: இரண்டையும் ஓட்டிவிட்டு வருகிறேன்.