தாய்லாந்து மொழியின் க்ரப், க: இந்த வகைச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தாய்லாந்துத் தொடர் ஒன்றுக்குத் தமிழில் வசனவரி எழுதிக்கொண்டிருக்கிறேன், கூடவே பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கத்தில் மொழிக்குறிப்பும் தர வேண்டும். அதில் மாட்டிக்கொண்ட இடம் க்ரப், கா என்ற இரண்டு சொற்கள். ஆண் பேசினால் வாக்கியம் முடிகிற இடத்தில் க்ரப், பெண் பேசினால் கா. எடுத்துவிட்டாலும் தகவல் ஒன்றும் குறையாது, ஆனால் பேச்சு மொட்டையாக, சில இடத்தில் முரட்டுத்தனமாகக்கூடக் கேட்கிறது. இந்த வகைச் சொல்லுக்கு இப்போதைக்குப் 'பணிவீறு' என்று போட்டு வைத்திருக்கிறேன். பொருந்துமா, அல்லது ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறதா?

ஏகாரம் எழுதியது:

புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை அம்மா. தொல்காப்பிய இடையியலில் மியா, இக, மோ, மதி, இகும், சின் என்று ஆறு சொல்லி, அவற்றை முன்னிலை அசைச்சொல் என்கிறார். கேண்மியா, மொழிமோ என்று வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு எதிரில் இருப்பவரை நோக்கிப் பேசுவதைக் காட்டும், தனிப்பொருள் கிடையாது. நீங்கள் சொல்லும் க்ரப் அச்சு அசல் இதுவே. 'முன்னிலையசை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

எங்க ஊர்ப் பக்கம் பொழுதுக்கும் இதுதானே நடக்குது. சரிங்க, இல்லீங்க, ஆமாங்க, எதுக்குங்க. அந்த 'ங்க'வுக்கு இலக்கணத்தில் என்ன பெயரோ அதையே க்ரப்புக்கும் வைத்துவிடலாம். ஒரு சந்தேகம், ஆணிடம் பேசும்போது க்ரப், பெண்ணிடம் பேசும்போது கா, அப்படித்தானே? புக்கெட்டுக்குச் சுற்றுலா போயிருந்தபோது அப்படித்தான் பேசினேன், விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சீலோம்வாசி எழுதியது:

நொய்யல்கரை தம்பி, அந்தப் பெண் சிரித்ததற்குக் காரணம் அதுதான். நம் டா, டி எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டும். க்ரப், க இரண்டும் பேசுகிறவர் யார் என்பதைக் காட்டும், கேட்பவர் யாராக இருந்தாலும் மாறாது. நீங்கள் பெண்ணிடம் பேசினாலும் க்ரப்தான். ஏகாரம் ஐயா சொன்ன 'முன்னிலையசை' இங்கே பாதிதான் பொருந்துகிறது. முன்னிலையில் இருப்பவருக்கான மரியாதை என்பது சரி, ஆனால் சொல்லின் வடிவத்தைத் தீர்மானிப்பது தன்மை, அதாவது பேசுபவர்.

தேன்சிட்டு, முதலில் ஒரு திருத்தம். அது 'கா' இல்லை, குறில், 'க'தான். நீட்டினால் வேறு சொல்லாகிவிடும், அதைப் பிறகு சொல்கிறேன். பாங்காக்கில் குடும்பம் நடத்துகிறவள் என்பதால் இந்தக் 'க' இல்லாமல் எனக்கு ஒரு நாள் கூடப் போவதில்லை.

ஒரே ஒரு உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண் மிளகாய் வேண்டுமா என்று என்னிடம் கேட்கிறாள்: "அவ் மை க?" நான் வேண்டாம் என்கிறேன்: "மை அவ் க." தமிழில் எழுதினால் இரண்டு 'க'வும் ஒன்று, ஆனால் அவளுடையது உயர்ந்த தொனி, என்னுடையது மேலிருந்து விழும் தொனி. கேள்விக்கும், ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கும், 'ந' என்று குழைவதற்குப் பின்னாலும் உயர்தொனிக் 'க' வரும். சாதாரணமாகச் சொல்லி முடிப்பதற்கும், ஆமாம் என்பதற்கும் விழும் 'க'. என் கணவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, கேட்டாலும் சொன்னாலும் ஒரே க்ரப், ஒரே உயர்தொனி.

இப்போது அதே "மை அவ்"வில் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் சேர்க்காமல் சொன்னால் வீட்டில் சகஜம், கடையில் முறைப்பு மாதிரி விழும். "மை அவ் க" என்றால் வேண்டாங்க. "மை அவ் ந க" என்றால் வேண்டாமே ப்ளீஸ் என்கிற குழைவு, அங்கே 'க' உயர்தொனிக்கு ஏறிவிடும். பெரியவர் சின்னவரிடம் கனிவாகச் சொன்னால் "மை அவ் ஜ", வேண்டாம்மா என்பது போல. நெருங்கிய கூட்டாளிகள் "மை அவ் வ" என்பார்கள், இதை அறிமுகமில்லாதவரிடம் சொன்னால் சண்டைதான் வரும். செய்தி இவை எல்லாவற்றிலும் ஒன்றே, உறவுதான் மாறுகிறது.

ஏகாரம் எழுதியது:

தன்மை, முன்னிலை வேறுபாட்டை ஒப்புக்கொள்கிறேன், அழகாகவே சொன்னீர்கள். ஆனால் 'பணிவீறு' என்பதை நான் ஏற்க மாட்டேன். நீங்கள் சொன்ன 'வ' அதே இடத்தில்தானே வருகிறது? அதில் பணிவு எங்கே? வகைக்குப் பெயர் வைக்கும்போது முரட்டுச் சொல்லையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அசைச்சொல் வேண்டாம் என்றால் 'ஈற்றிடைச்சொல்' என்று வைக்கலாம். அதன்கீழ் பணிவுடையது, நெருக்கமுடையது, முரடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தேன்சிட்டு எழுதியது:

ஈற்றிடைச்சொல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் தொடரில் நாயகன் போனை எடுத்ததும் "க்ரப்" என்று மட்டும் சொல்கிறான். முன்னால் வாக்கியமே இல்லை. பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடப்பதே இடைச்சொல், தானாக நிற்காது என்றுதானே தொல்காப்பியரே சொல்கிறார்? தனியாக நிற்கிற ஒன்றை எப்படி இடைச்சொல் என்பது?

நொய்யல்கரை எழுதியது:

ஆமாங்க, 'ங்க' தனியாக நிற்காது. என் ஒப்பீடும் அங்கே உடைகிறது.

அந்தத் தனிக் க்ரப்பால் எனக்குக் காசு நஷ்டமே வந்திருக்கிறது. பொட்டலம் கட்டும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வேண்டி தாய்லாந்தில் உள்ள ஒருவரிடம் போனில் பேசினேன். விலை சொன்னேன், க்ரப். தேதி சொன்னேன், க்ரப் க்ரப். என்னிடம் வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், சரக்கு வரவே இல்லை. கேட்டால் அவர் சம்மதமே சொல்லவில்லையாம். அப்போ அது ஆமாம் இல்லையா?

சீலோம்வாசி எழுதியது:

ஆமாம் என்றும் வரும், 'ம், கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்றும் வரும். போனில் வரும் க்ரப் க்ரப் பெரும்பாலும் இரண்டாவது. நாம் 'ம்... ம்...' கொட்டுவதைக் கையெழுத்துப் போட்டதாக யாராவது எடுத்துக்கொள்வார்களா? சம்மதம் வேண்டுமென்றால் வினையையே அவர்கள் வாயால் வரவழைக்க வேண்டும். "அவ் மை க்ரப்?" என்று கேட்டால் "அவ் க்ரப்" என்று வினையோடு பதில் வரட்டும். வெறும் க்ரப்போடு நின்றால் இன்னொரு முறை கேளுங்கள்.

தேன்சிட்டு கேட்டதற்கு வருகிறேன். க்ரப் என்பது 'கோ ரப்' என்ற பழைய பணிவு மொழி தேய்ந்து வந்தது. கோ என்றால் வேண்டுதல், ரப் என்றால் ஏற்றல், அதாவது பிறப்பிலேயே அது முழுத் தொடர். அதனால் தனியாக நிற்பதில் எனக்கு வியப்பில்லை. தேய்மானம் இன்னும் நிற்கவில்லை, செய்தி வாசிப்பவர் ரகரத்தோடு க்ரப் என்பார், தெருவில் 'கப்'தான். ரகரத்தை ஒருவர் அழுத்திச் சொன்னாலே இன்று கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார் என்று தெரியும்.

ஆண், பெண் என்பதையும் கல்வெட்டாகக் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். சின்னப் பையனுக்குச் சோறு ஊட்டும் அம்மா அவனிடம் க்ரப் போட்டுப் பேசுவாள், அவன் வாயில் அது படிய வேண்டும் என்று. திருநங்கைகள் 'க' சொல்வார்கள். தோழிகள் விளையாட்டுக்கு க்ரப் என்பதும் உண்டு. பேசுபவர் எந்தக் குரலில் நிற்க விரும்புகிறாரோ அதற்கான சொல் என்பதே சரி.

தேன்சிட்டு எழுதியது:

இதே தொடரில் இன்னொரு இடம் அக்கா. நாயகியும் தோழியும் கல்லூரியில் ஒருவரிடம் ஒருவர் 'க' போடுவதே இல்லை. ஏழாம் பகுதியில் சண்டை வந்ததும் தோழி ஒவ்வொரு வரியிலும் 'க' போடுகிறாள். மரியாதை கூடினால் கோபம் குறைய வேண்டாமா?

சீலோம்வாசி எழுதியது:

நெருக்கத்தை அவள் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். நேற்றுவரை வாடி போடி என்றவள் இன்று "சொல்லுங்க" என்றால் உங்களுக்குச் சுருக்கென்று குத்தாதா? அந்த இடத்துக்கு மொழிபெயர்ப்பும் அதுதான், முன் பகுதிகளில் வாடி, இங்கே வாங்க. சண்டை இல்லாத பேச்சிலும் எல்லா வரிக்கும் 'க' போட வேண்டியதில்லை, ஆரம்பத்திலும் முடிவிலும் நடுவில் அங்கங்கேயும் போதும். வரிக்கு வரி போட்டால் கடைப்பணியாளர் பேசுவது போல இருக்கும்.

கலைச்சொல்லுக்கு என் பங்கு: தாய்லாந்து மொழியிலேயே பேச்சு வழக்கில் இதை 'ஹாங் சியாங்' என்பார்கள். ஹாங் வால், சியாங் ஓசை. மரியாதை இல்லாமல் பேசும் பிள்ளையைப் பார்த்து, பேச்சில் ஹாங் சியாங் இல்லையே என்று பெரியவர்கள் கண்டிப்பார்கள். 'குரல்வால்' என்று வைத்தால் என்ன?

ஏகாரம் எழுதியது:

குரல்வாலா? மாணவன் தேர்வில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். அவர்கள் பேச்சு வழக்கு என்று குறிப்பில் ஒரு வரி சொல்லுங்கள், கலைச்சொல்லாக வேண்டாம். தனியாக நிற்கும் சிக்கலுக்கு என் பதில், முன்னால் இருக்க வேண்டிய சொல் தொக்கி நிற்கிறது என்று கொள்ளலாம்.

சீலோம்வாசி எழுதியது:

எது தொக்கி நிற்கிறது ஐயா? போனை எடுத்ததும் சொல்லும் க்ரப்புக்கு முன்னால் எந்தச் சொல்லை வைத்தாலும் பொருந்தாது. இதில் நான் உங்களோடு உடன்படவில்லை.

தேன்சிட்டு எழுதியது:

சரி, தொடரைக் கொடுக்க நாள் நெருங்குகிறது. வகைக்கு ஈற்றிடைச்சொல், க்ரப், க இரண்டையும் மட்டும் குறிக்கப் பணிவீறு, தனியே நிற்கும் க்ரப்பை 'பணிவு மறுமொழி' என்று வேறாகக் காட்டிவிடுகிறேன். ஏகாரம் ஐயா இதற்கும் சண்டைக்கு வருவார், வரட்டும். மிச்சம் இருப்பது எழுத்துக்கூட்டல். இரண்டு 'க'வை எப்படி வேறுபடுத்துவது? கேள்விக்குக் 'க', பதிலுக்குக் 'கா' என்று எழுதலாமா?

சீலோம்வாசி எழுதியது:

வேண்டவே வேண்டாம். விழும் தொனியில் நீட்டினால் அது அரட்டையில் தோழமையோடு தட்டும் வடிவம், தொனி கீழிருந்து ஏற நீட்டினால் யாராவது கூப்பிட்டதற்குச் செல்லமாக 'என்னம்மா' என்று குரல் கொடுப்பது. இரண்டும் உங்கள் தொடரில் கண்டிப்பாக வரும், அப்போது எதை எழுதுவீர்கள்? தாய் எழுத்தில் விழும் 'க'வுக்குத் தலைமேல் மாய் ஏக் என்ற சின்னக் கோடு உண்டு, உயர்தொனிக்குக் குறியே கிடையாது. அவர்களே இதைக் குழப்பிக்கொண்டு 'ந க'வில் கோட்டைப் போட்டுவிடுவார்கள், இணையத்தில் அதைத் திருத்துவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. விழும் 'க'வுக்கு நீங்களும் ஒரு மேற்கோடு போடுங்கள், மற்றதை வெறுமனே விடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

செல்போனில் 'க' மேல் கோடு எப்படிங்க தட்டுவது?

தேன்சிட்டு எழுதியது:

அதுதான் எனக்கும் தெரியவில்லை. எழுத்துரு பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை 'க-விழு', 'க-உயர்' என்று எழுதி வைக்கிறேன்.

ஏகாரம் எழுதியது:

பணிவு மறுமொழி சரியில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.