‘ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க்’: ‘பணி அறிக்கை’ சரிப்படவில்லை, வேறு சொல் வேண்டும்

வெண்ணிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் லோகோ, பிராண்டு வடிவமைப்பு வேலைகளைத் தனியாக எடுத்துச் செய்கிறேன். வேலை தொடங்குமுன் வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க் அனுப்புவது வழக்கம். என்னென்ன செய்து தருவேன், எப்போது தருவேன், பணம் எந்தக் கட்டத்தில் வரவேண்டும், யார் எதற்குப் பொறுப்பு, எல்லாம் அதில் இருக்கும். இதுவரை ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழிலேயே படித்துக் கையெழுத்திட விரும்புகிறவர்கள் இப்போது அதிகம் வருவதால் மொத்தத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தலைப்பிலேயே சிக்கல். ‘பணி அறிக்கை’ என்று போட்டு அனுப்பினேன். வாங்கியவர் போன் செய்து, “இன்னும் வேலையே ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள அறிக்கை வந்திருக்கே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் காதுக்கு அறிக்கை என்றால் நடந்து முடிந்ததைச் சொல்வது, இதுவோ நடக்கப்போவதைச் சொல்வது. நான் செய்து கொடுக்கப்போகும் கோப்புகளைக் குறிக்க உள்ளே வரும் ‘டெலிவரபிள்’ என்பதற்கும் நல்ல சொல் கிடைக்கவில்லை. உதவுங்கள்.

ரஹ்மத் எழுதியது:

இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறதே, விலைப்புள்ளி. நானும் வேலை தொடங்குமுன் விலைப்புள்ளிதான் அனுப்புகிறேன். இன்ன வேலை, இவ்வளவு தொகை என்று ஒரே பக்கம். அவர்கள் ‘ஓகே’ என்று பதில் போட்டால் ஆரம்பித்துவிடுவேன். புதுச் சொல்லுக்கு என்ன தேவை என்று புரியவில்லை.

சண்முகம் எழுதியது:

ரஹ்மத் தம்பி, விலைப்புள்ளி வேறு, இது வேறு. விலைப்புள்ளி ஒரு தரப்பு சொல்வது, இதில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகிறது. அதனால்தான் ‘பணி ஒப்பந்தம்’ என்றே வைத்துவிடலாம் என்கிறேன். பல வருடங்களாகச் சட்ட ஆவணங்களை மொழிபெயர்க்கிறேன், இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளை ஒப்பந்தம் என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

‘டெலிவரபிள்’ என்பதற்கு ‘வழங்கல்’ போதும்.

தேவகி எழுதியது:

சண்முகம் ஐயா சொல்வதில் பாதி சரி. கையெழுத்திட்டால் அது கட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனால் ஒரே வாடிக்கையாளருக்குத் தொடர்ந்து வேலை செய்யும்போது பெரும்பாலும் இரண்டு தாள்கள் இருக்கும். ரகசியம் காப்பது, உரிமை, தகராறு வந்தால் என்ன செய்வது போன்ற பொது விதிகளுக்கு ஒரு மூல ஒப்பந்தம், அதை ஒருமுறை எழுதினால் போதும். அதன் கீழே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டேட்மென்ட் ஆஃப் வொர்க். இரண்டையும் ஒப்பந்தம் என்று அழைத்தால் ‘ஒப்பந்தப்படி’ என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் எந்த ஒப்பந்தம் என்ற கேள்வி வரும். இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி எழுதவேண்டியிருக்கும், அந்த வரியையே எழுத முடியாமல் போகும்.

என் முன்மொழிவு ‘பணி வரையறை’. எது வேலைக்குள் வரும், எது வராது என்று கோடு கிழிப்பதுதான் இந்தத் தாளின் முதல் காரியம். ‘பணி வரைவு’ வேண்டாம், வரைவு என்றால் இன்னும் முடிவாகாத நகல் என்று படிப்பார்கள்.

‘வழங்கல்’ எனக்கு உறுத்துகிறது. அது செயலா, பொருளா என்று தெரியவில்லை. ஒப்படைக்கும் பொருள் என்பதைச் சுருக்கி ‘ஒப்படைபொருள்’ என்று வைத்தால் என்ன? விளைபொருள் மாதிரி வினைத்தொகை, அதனால் நடுவில் ப் மிகாது. ஒப்படைக்கப்போகும், ஒப்படைக்கிற, ஒப்படைத்த என மூன்று காலத்துக்கும் அது நிற்கும். கையெழுத்திடும் நாளிலும் கடைசி நாளிலும் அதே சொல்லைப் பயன்படுத்தலாம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது எனக்குச் சொல்லைவிட முக்கியம். ஒப்படைப்பது நான் செய்வது, ஏற்பது அவர்கள் செய்வது. தமிழில் “வேலை முடிந்ததும் மீதிப் பணம்” என்று எழுதும்போது இந்த இரண்டும் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. முடிந்தது என்று யார் சொல்வது? பணத் தகராறுகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இந்த ஒரு வார்த்தையில்தான் தொடங்குகின்றன. ஆகவே ‘ஒப்படைப்பு’, ‘ஏற்பு’ என்று இரண்டு தனிச் சொற்கள் கட்டாயம் வேண்டும், ‘முடிந்தது’ என்ற சொல் தாளில் எங்கேயும் வரவே கூடாது.

வெண்ணிலா எழுதியது:

தேவகி அக்கா, நீங்கள் சொன்னது எனக்கே நடந்தது. ஒரு பிராண்டு வேலை, 6 வாரம். தொகையை மூன்றாகப் பிரித்திருந்தோம். கையெழுத்திட்டதும் 40 சதவீதம், மூன்று மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் 30, இணையதளம் வெளியானதும் மீதி 30. எழுதும்போது நியாயமாகத்தான் தோன்றியது. ஆறாவது வாரம் எல்லாக் கோப்புகளையும் கொடுத்துவிட்டேன். ஆனால் தளத்தைக் கட்டியது வேறொருவர், அதற்கான வாசகங்களை வாடிக்கையாளர் எழுதித் தரவேண்டும், அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. தளம் வெளியானது எட்டாவது மாதம். அதுவரை என் லோகோ அவர்களுடைய கடிதத் தாளில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அந்த 30 வரவில்லை. கேட்டால் “தளம் வரட்டும்” என்பார்கள், எழுதியிருந்ததும் அப்படித்தான்.

இனி கடைசித் தவணையை எப்படி எழுதுவது?

தேவகி எழுதியது:

உன் கையில் இல்லாத ஒரு நிகழ்வில் பணத்தைக் கட்டிவிட்டாய், அவ்வளவுதான். அதே வேலையை நான் இப்படி எழுதுவேன்: “இறுதி ஒப்படைபொருள்கள் ஏற்கப்பட்டதும் மீதி 30 சதவீதம். ஒப்படைத்த நாளிலிருந்து 5 வேலைநாளுக்குள் ஏற்பையோ திருத்தத்தையோ எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்.” பதிலே வராமல் தொங்குவதற்கு இந்த இரண்டாவது வாக்கியம்தான் மருந்து. நான்காம் நாள் ஒரு நினைவூட்டல் அனுப்பிவிடு, அவர்களைப் பிடிக்கப் பொறி வைத்த மாதிரி இருக்கக் கூடாது. பெரிய நிறுவனங்கள் இந்த வாக்கியத்தை அடித்துவிடுவதும் உண்டு. அப்போது சண்டை போடாமல், கடைசித் தவணையை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாள் என்று தேதிக்கு மாற்றிவிடு, ஏற்பைத் தொடவே வேண்டாம்.

கால அட்டவணையிலும் இதே நோய் உண்டு. நாட்காட்டித் தேதிகளை மட்டும் போடாதே. “வாசகங்களும் படங்களும் முழுமையாக வந்த நாளிலிருந்து 8 வேலைநாள்” என்று போடு. அவர் 3 நாள் தாமதித்தால் உன் தேதி தானாக 3 நாள் தள்ளும். 10 வேலைநாளுக்கு மேல் தாமதமானால் வேலை நிறுத்திவைக்கப்படும், மறுபடி தொடங்கும் தேதியைச் சேர்ந்து முடிவு செய்வோம் என்றும் எழுது. ஏனென்றால் அதற்குள் நீ அடுத்த வேலையை ஒப்புக்கொண்டிருப்பாய், அவர் அனுப்பிய மறுநாளே உட்கார முடியாது.

ரஹ்மத் எழுதியது:

சரி, விலைப்புள்ளி போதாது என்று புரிகிறது. எனக்கு உண்மையில் அடி விழுவது வேறு இடத்தில். “சின்னக் கரெக்‌ஷன்” என்று ஆரம்பிப்பார்கள், அது பதினைந்து தடவை போகும். ஒரு தடவை மாதிரியை அவரே தேர்ந்தெடுத்தார், எல்லாக் கோப்பும் தயாரான பிறகு அவருடைய பங்காளி வந்து “பறவை வேண்டாம், மரம் வரையுங்க” என்றார். அதையும் கரெக்‌ஷன் என்றுதான் சொன்னார்கள். செய்து கொடுத்தேன், காசு கேட்க வாய் வரவில்லை. இதற்குத் தமிழில் சொல் இருக்கிறதா?

தேவகி எழுதியது:

இருக்கிறது, இரண்டு சொல்லாகப் பிரிக்கவேண்டும். ‘திருத்தம்’ ஒன்று, ‘மாற்றம்’ ஒன்று. ஏற்றுக்கொண்ட பறவையின் சிறகைக் கொஞ்சம் குறுக்குவது, நிறத்தை அடர்த்தியாக்குவது எல்லாம் திருத்தம், அது தொகைக்குள் அடங்கும், ஆனால் இத்தனை சுற்று என்று எண்ணிக்கை வேண்டும். நான் 2 சுற்று கொடுப்பேன். பறவையை விட்டு மரத்துக்குப் போவது மாற்றம். பட்டியலில் இல்லாத விசிட்டிங் கார்டு கேட்பதும் மாற்றம்தான். மாற்றம் என்றால் ஒரு சிறு ‘மாற்றக் குறிப்பு’ எழுதி, கூடுதல் தொகை இவ்வளவு, கூடுதல் நாள் இவ்வளவு என்று அனுப்பி, அவர் சம்மதம் எழுதிய பிறகே தொட வேண்டும்.

சுற்று என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாக் கருத்துகளும் ஒரே மடலில், ஒரே ஆளிடமிருந்து வந்தால்தான் ஒரு சுற்று. அந்த ஆள் யார் என்று பொறுப்புகள் பகுதியில் பெயரோடு இருக்கவேண்டும். உங்கள் விஷயத்தில் பங்காளி கடைசியில் வந்ததற்குக் காரணமே இந்தப் பெயர் எழுதப்படாததுதான்.

சண்முகம் எழுதியது:

திருத்தம், மாற்றம் என்று பிரித்தது நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டத்தில் ‘திருத்தம்’ என்றால் சட்டத் திருத்தம், ஒப்பந்தத் திருத்தம் என்று வாசகத்தையே மாற்றுவது. மூல ஒப்பந்தத்தில் ‘இவ்வொப்பந்தத்தின் திருத்தங்கள்’ என்று வந்தால் அது லோகோவின் திருத்தத்தோடு மோதும். ‘செம்மை’ என்று வைத்தால்? செம்மைச் சுற்று.

‘பணி வரையறை’ பற்றியும் தயக்கம் இருக்கிறது. வரையறை என்றால் எல்லையைச் சொல்வது மட்டும்தான். பணம், பொறுப்பு எல்லாம் அதற்குள் எப்படி அடங்கும்?

வெண்ணிலா எழுதியது:

ஐயா, செம்மை அழகான சொல்தான், ஆனால் என் வாடிக்கையாளர் யாரும் “செம்மை பண்ணிக் குடுங்க” என்று கேட்கமாட்டார்கள். திருத்தம் என்பது அவர்கள் வாயிலேயே இருக்கிறது. ‘வடிவமைப்புத் திருத்தம்’ என்று முழுதாக எழுதி மோதலைத் தவிர்க்கிறேன்.

நேற்று ஒரு தாளை ‘பணி வரையறை’ என்று தலைப்பிட்டு அனுப்பினேன். ஒப்படைபொருள் பட்டியலில் “லோகோ” என்று மொட்டையாக விடாமல், SVG, PDF, PNG வடிவங்களில் முழு நிறம், ஒற்றை நிறம், தலைகீழ் நிறம் என்று எழுதினேன். இல்லஸ்ட்ரேட்டரில் வேலை செய்த .ai கோப்பு இதில் சேராது என்றும், எழுத்துருவுக்கான உரிமத்தை வாடிக்கையாளர் வாங்கவேண்டும் என்றும், பயன்பாட்டு உரிமை முழுப் பணமும் வந்த பிறகே மாறும் என்றும் சேர்த்தேன். வாங்கியவர் ஒரே கேள்விதான் கேட்டார், .ai கோப்பு ஏன் இல்லை என்று. அதற்குத் தனித் தொகை சொன்னேன், வேண்டும் என்றார், சேர்த்துக் கையெழுத்தாகிவிட்டது. முன்பெல்லாம் இந்தக் கேள்வி கடைசி நாளில்தான் வரும்.

தலைப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. சண்முகம் ஐயாவின் தயக்கம் எனக்கும் இருக்கிறது, ‘பணி வரையறை ஆவணம்’ என்று நீட்டினால் பணமும் பொறுப்பும் உள்ளே அடங்குமா?

சண்முகம் எழுதியது:

ஆவணம் சேர்ந்தால் ஓரளவு அடங்கும். ‘ஒப்படைபொருள்’ எனக்குச் சம்மதம். தலைப்புக்கு ‘பணி உடன்பாடு’ என்று இன்னொன்றும் தோன்றுகிறது. ஒப்பந்தத்தோடு குழம்பாது, இரு தரப்பும் தெரியும். தேவகி அம்மா என்ன சொல்கிறீர்கள்?

தேவகி எழுதியது:

உடன்பாடு நன்றாகத்தான் ஒலிக்கிறது, ஆனால் கோடு கிழிப்பது அதில் தெரியவில்லையே ஐயா. அடுத்து வரும் இரண்டு வேலைகளுக்கு ஒன்றில் ‘பணி உடன்பாடு’, ஒன்றில் ‘பணி வரையறை ஆவணம்’ என்று போட்டு அனுப்பிப் பார்க்கிறேன். வாங்குகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று இங்கே எழுதுகிறேன்.