அப்டேட் கேட்பதும் ஸ்டார் கேட்பதும் ஒன்றோடொன்று மோதிய கதை

தாள்பூச்சி

எங்கள் குழுவுக்குக் கைமாறி வந்த ஒரு ஆண்ட்ராய்டு செயலியில் நடந்தது இது. தாள்களைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கித் தரும் செயலி. சில போன்களில் பக்கங்கள் தலைகீழாகச் சேமிக்கப்படுகின்றன என்று புகார் வந்தது, சரிசெய்து புதிய பதிப்பும் வெளியிட்டாயிற்று. அதற்குப் பிறகும் அதே புகாரோடு ஒற்றை ஸ்டார்கள் வந்துகொண்டே இருந்தன. பிளே கன்சோலில் ஒவ்வொரு விமர்சனத்தையும் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தால், எழுதியவர்கள் எல்லோரும் பழைய பதிப்பில் இருந்தார்கள்.

செயலிக்குள் அப்டேட் கேட்கும் வசதி ஏற்கெனவே இருந்தது, ஃப்ளெக்ஸிபிள் வகை. பயனர் சம்மதித்ததும் பின்னணியில் பதிவிறங்கும், ஆனால் தானாக நிறுவிக்கொள்ளாது. நாம் `completeUpdate()` அழைக்க வேண்டும். பதிவிறக்கம் முடியும் நொடியில் லிசனர் வழியாக 'மறுதொடக்கம் செய்யவா?' என்று ஒரு பட்டை காட்டும்படி எழுதியிருந்தார்கள். அந்த நொடியில் பயனர் செயலிக்குள் இருந்தால் எல்லாம் சரி. வெளியே போயிருந்தால் பட்டை வராது, அடுத்த முறை திறக்கும்போதும் யாரும் கேட்க மாட்டார்கள். புதிய பதிப்பு போனில் இறங்கிக் கிடக்கும், ஓடுவதோ பழையது. தானியங்கி அப்டேட்டை அணைத்து வைத்தவர்கள் இப்படியே தேங்கிப் போனார்கள்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிலையைக் கேட்பதுதான் தீர்வு:

```kotlin
override fun onResume() {
    super.onResume()
    appUpdateManager.appUpdateInfo.addOnSuccessListener { info ->
        if (info.installStatus() == InstallStatus.DOWNLOADED) {
            showRestartBar()
        }
    }
}
```

இன்னொரு கொடுமை, விமர்சனம் கேட்கும் இடம். பிடிஎஃப் சேமித்து முடித்ததும் கேட்டது செயலி. நல்ல தருணம்தானே! ஆனால் பழைய பதிப்புக்காரருக்குப் பக்கம் தலைகீழாகச் சேமித்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு ஸ்டார் கேட்டிருக்கிறது. வேறென்ன கிடைக்கும்?

இப்போது விமர்சனம் கேட்கும் முன் அப்டேட் நிலையைப் பார்க்கிறோம். புதிய பதிப்பு காத்திருந்தாலோ இறங்கியிருந்தாலோ, விமர்சனப் பேச்சே கிடையாது. உங்களில் யாராவது இந்த இரண்டையும் இப்படிக் கோத்திருக்கிறீர்களா?

வேகத்தடை

இவ்வளவு சுற்று எதற்கு? இம்மீடியட் வகைக்கு மாற்றுங்கள். முழுத்திரை வந்து நிற்கும், அப்டேட் செய்யாமல் உள்ளே போகவே முடியாது. எங்கள் செயலியில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

விமர்சனத்துக்கும் சுலபமான வழி உண்டு. `launchReviewFlow` வெற்றி என்று திரும்பி வந்தால் பயனர் எழுதிவிட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவரை மறுபடி கேட்கவே வேண்டாம்.

பழைய நிரலர்

வேகத்தடை, இரண்டிலும் பாதிதான் சரி. இம்மீடியட் திரையிலும் பயனர் பின்செல் பொத்தானை அழுத்திவிட்டு வரலாம். அப்போது உங்களுக்கு `RESULT_CANCELED` வரும். அதைப் பார்த்து மறுபடி கேட்பதா, செயலியை மூடுவதா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் அவர் பழைய பதிப்போடு உள்ளே போய்விடுவார்.

விமர்சனத்தில் வரும் வெற்றிக்கு 'அந்தப் படலம் முடிந்தது' என்று மட்டுமே பொருள். ஸ்டார் கொடுத்தாரா, மூடினாரா, பெட்டி திரையில் தோன்றியதா என்றுகூடத் தெரியாது. பிளே ஒரு ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் மறுபடி அழைத்தால் பெட்டி வராமலே போகலாம். ஆகவே கடைசியாகக் கேட்ட தேதியைக் குறித்து வைத்து இடைவெளி விடுங்கள், அதுவரை நீங்கள் சொல்வது நியாயம். 'எழுதிவிட்டார்' என்று மட்டும் குறிக்காதீர்கள். 'மதிப்பிடுங்கள்' என்று பொத்தான் வைத்து அதில் இதைக் கட்டுவதும் இதே காரணத்தால் வீண்தான். வரம்பு தாண்டியவர் பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காது, செயலி கெட்டுவிட்டது என்று நினைப்பார். பொத்தான் வேண்டுமென்றால் கடைப் பக்கத்துக்கு நேராக அனுப்பிவிடுங்கள்.

தாள்பூச்சி, உங்கள் கோர்ப்பு நல்லதுதான், ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். செயலி பின்னணியில் இருக்கும்போது `completeUpdate()` அழைத்தால் திரையை மறைக்காமல் சத்தமில்லாமல் நிறுவிவிடும். ஆசையாக இருக்கும். ஆனால் உங்களுடையது ஸ்கேன் செயலி. நாலு பக்கம் எடுத்துவிட்டு, மின்னஞ்சலில் எதையோ சரிபார்க்கப் பயனர் வெளியே போகிறார் என்று வையுங்கள். அந்த இடைவெளியில் நிறுவினால் செயலியின் புராசஸ் நின்றுவிடும், நினைவகத்தில் மட்டும் இருந்த பக்கங்கள் போய்விடும். வரைவு வட்டில் எழுதப்பட்டிருந்தால் மட்டும் அமைதியாக நிறுவுங்கள், இல்லாவிட்டால் பட்டையே போதும்.

ஏபிகே அன்பர்

நானும் இதே குறியீட்டைப் போட்டேன், அப்டேட்டே காட்டவில்லை. எங்கள் செயலியை ஊழியர்களுக்கு ஏபிகே கோப்பாக நேரடியாகக் கொடுக்கிறோம். -10 என்று ஒரு பிழை எண் வருகிறது. எந்த நேரத்தில் கேட்டால் சரியாக வரும்?

பழைய நிரலர்

நேரம் பிரச்சினையே இல்லை. அது `ERROR_APP_NOT_OWNED`. பிளேயிலிருந்து பெறாத செயலிக்கு இந்த வசதி வேலை செய்யாது. உங்கள் சர்வரில் பதிப்பு எண்ணை வைத்து ஒப்பிட்டு, நீங்களே பதிவிறக்க இணைப்பு கொடுக்க வேண்டியதுதான். அது தனிக் கதை.

இலைமறைவு

நான் ஐஓஎஸ் பக்கம். எங்களுக்கு இப்படி உள்ளேயே அப்டேட் ஆகும் வசதி கிடையாது, கடைப் பக்கத்துக்கு அனுப்புவதோடு சரி. விமர்சனப் பெட்டி 365 நாளில் அதிகபட்சம் 3 முறைதான் தோன்றும், அதனால் தருணத்தைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் தானாக வந்துவிடுகிறது. டெஸ்ட்ஃபிளைட் பதிப்பில் அந்தப் பெட்டி வரவே வராது. தெரியாத புதியவர்கள் குறியீட்டில் பிழை தேடிக்கொண்டே இருப்பார்கள்.

நான் கேட்க நினைப்பது வேறு. முதலில் 'செயலி பிடித்திருக்கிறதா?' என்று நாமே கேட்டு, 'ஆம்' என்பவர்களை மட்டும் விமர்சனத்துக்கு அனுப்பினால் என்ன? முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில் அப்படித்தான் செய்தார்கள், ஸ்டார் ஏறியது.

பழைய நிரலர்

ஏறும், சந்தேகமில்லை. ஆனால் பெட்டிக்கு முன்னாலோ அதோடு சேர்த்தோ அப்படிக் கருத்துக் கேட்கக் கூடாது என்பதே கூகுள் வழிகாட்டுதல். திருப்தியானவர்களை மட்டும் சலித்து எடுப்பது எனக்கும் பிடிக்காது. புகார் சொல்ல அமைப்புப் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு வழி வையுங்கள், விமர்சனத்தோடு அதைக் கட்டாதீர்கள்.

தாள்பூச்சி

வரைவு விஷயத்தைப் பார்த்தேன். பக்கங்கள் நினைவகத்தில்தான் இருக்கின்றன, ஆகவே இப்போதைக்குப் பட்டை மட்டும்.

விமர்சன இடத்தையும் நகர்த்திவிட்டோம். சேமித்ததும் கேட்பதில்லை. பிடிஎஃபைப் பகிர்ந்துவிட்டுத் திரும்பி வந்து, முகப்புப் பட்டியலில் நிற்கும்போது கேட்கிறோம். முதல் பகிர்விலேயே கேட்பதும் இல்லை. சோதித்துப் பார்க்க உள்பகிர்வு வழிதான் உதவியது, அங்கே ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. சமர்ப்பிக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்யாது, பயந்துவிடாதீர்கள்.

வேகத்தடை

சரி, `RESULT_CANCELED` பக்கம் எங்களிடம் காலியாகத்தான் இருக்கிறது, பார்க்கிறேன். ஒன்று சொல்லுங்கள்: அப்டேட் காத்திருந்தால் விமர்சனம் கேட்பதில்லை என்கிறீர்கள். வாராவாரம் வெளியிடும் குழுவுக்கு எப்போதும் ஏதோ ஒன்று காத்திருக்குமே? கேட்கவே முடியாதே?

பழைய நிரலர்

வெளியீட்டின் முன்னுரிமை எண்ணைப் பயன்படுத்தலாம். 0 முதல் 5 வரை, எதுவும் சொல்லாவிட்டால் 0. பெரிய பிழை தீர்ந்த வெளியீட்டுக்கு 4 கொடுத்து, `updatePriority()` அதற்கு மேல் இருந்தால் அல்லது சமமாக இருந்தால் மட்டும் விமர்சனத்தை நிறுத்துங்கள். வெளியிடும்போதே டெவலப்பர் ஏபிஐ வழியாக வைக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

தாள்பூச்சி

எங்கள் சிக்கலே அங்கேதான். தலைகீழ் பக்கம் இவ்வளவு பேரைக் கடுப்பேற்றும் என்று வெளியிட்ட அன்று யாருக்கும் தெரியாது, 0 என்றே போய்விட்டது. அதற்குப் பிறகு புதிய வெளியீடு ஒன்று போட்டு அதற்கு 4 கொடுப்பதைத் தவிர வழி உண்டா?

இலைமறைவு

சர்வரிலிருந்து ஒரு சுவிட்ச் வைத்து, குறிப்பிட்ட பழைய பதிப்புகளில் விமர்சனம் கேட்பதை மட்டும் அணைக்கலாமே? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். அந்தச் சுவிட்ச் உங்கள் பழைய பதிப்பிலேயே இருந்திருக்க வேண்டும், அது வேறு விஷயம்.