கையைத் தொங்கவிட்டால் ரோபோவின் மேற்கை தானாகச் சுழல்கிறது: உதவி தேவை

உவர்மலை மாணவன்

வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்காக நானும் இரண்டு நண்பர்களும் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு மனித உருவ ரோபோவைச் செய்திருக்கிறோம். கமராவின் முன் நிற்பவர் கையை அசைத்தால் ரோபோவும் அவ்வாறே அசைக்க வேண்டும். ஒவ்வொரு கையிலும் நான்கு சேர்வோக்கள் உள்ளன: தோளை முன்பின்னாக அசைப்பது, பக்கவாட்டில் உயர்த்துவது, மேற்கையை அதன் நீளத்தைச் சுற்றித் திருப்புவது, முழங்கையை மடிப்பது. மடிக்கணினியின் கமராவில் மீடியாபைப் மூலம் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய புள்ளிகளை எடுத்துக் கோணங்களைக் கணிக்கிறோம்.

முழங்கையை நன்றாக மடித்து வைத்திருக்கும்போது ரோபோ ஒழுங்காகப் பின்பற்றுகிறது. ஆனால் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றால், மேற்கையைத் திருப்பும் சேர்வோ மட்டும் இடமும் வலமுமாக வெட்டி வெட்டிச் சுழல்கிறது. அந்த நிலையிலிருந்து கையை மடிக்கத் தொடங்கினால் ரோபோவின் முன்கை தவறான பக்கத்துக்குப் பாய்ந்துவிடுகிறது. நேற்று அப்படிப் பாய்ந்து மார்புத் தகட்டில் அடித்ததில், அச்சிட்டு ஒட்டிய சுட்டுவிரல் முறிந்தது. சேர்வோவை மாற்றிப் பார்த்தோம். புதியதும் அதையே செய்கிறது.

கிண்ணியா நண்பன்

தம்பி, இது மின்சாரக் கோளாறு. நான் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுக்கு இரண்டு சேர்வோக்களைப் பூட்டி, அவற்றுக்கான மின்னைக் கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ற் முனையிலிருந்தே எடுத்தேன். கதவு இரவு முழுவதும் நடுங்கியது. கோழிகளும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. தனி மின்வழங்கி வைத்து, இரண்டினதும் எதிர்முனைகளை ஒன்றாக இணைத்த பிறகுதான் அடங்கியது. உங்களுடையதையும் அப்படிப் பாருங்கள்.

உவர்மலை மாணவன்

நன்றி அண்ணா. எங்களிடம் 6 வோல்ற் தனி மின்வழங்கி உள்ளது, எதிர்முனைகளும் இணைக்கப்பட்டுள்ளன. நீங்கள் சொன்னதால் ஒரு சோதனை செய்தேன். கமராவை நிறுத்திவிட்டு, எட்டுச் சேர்வோக்களுக்கும் மாறாத கோணங்களை ஐந்து நிமிடம் அனுப்பினேன். ஒன்றும் நடுங்கவில்லை.

பாலையூற்று

அப்படியானால் கமராவிலிருந்து வரும் புள்ளிகள் துள்ளுகின்றன என்பது தெளிவு. கடைசி 15 சட்டகங்களின் திருப்புக் கோணங்களுக்குச் சராசரி எடுத்து அனுப்புங்கள். நான் ஒரு விரல் அசைவுத் திட்டத்தில் அப்படித்தான் சரிசெய்தேன்.

உவர்மலை மாணவன்

செய்து பார்த்தேன். நடுக்கம் மெதுவாகியது, ஆனால் நிற்கவில்லை. கை அசைவு கால் செக்கன் அளவு பின்தங்குகிறது. இன்னொரு விசித்திரமும் உண்டு: சில வேளைகளில் கணித்த எல்லாக் கோணங்களும் 170 பாகைக்கு மேலேயும் −170க்குக் கீழேயும் இருக்கும்போது, சராசரி பூச்சியத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

சீனக்குடா

அந்த விசித்திரத்திலிருந்தே தொடங்குவோம். +175 பாகையும் −175 பாகையும் ஏறத்தாழ ஒரே திசை. ஆனால் எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் பூச்சியம், அதாவது நேர் எதிர்த்திசை வருகிறது. கோணங்களுக்கு நேரடியாகச் சராசரி எடுக்கக் கூடாது. மென்மையாக்க வேண்டும் என்ற பாலையூற்று நண்பரின் எண்ணம் சரிதான், ஆனால் அதைக் கோணம் கணிக்கும் முன், புள்ளிகளில் செய்ய வேண்டும். அதுவும் உங்கள் நோயைத் தீர்க்காது, காரணம் வேறு.

மேற்கை எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? தோளும் முழங்கையும் அதைச் சொல்லமாட்டா. மடிந்த முன்கை எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதிலிருந்துதான் ஊகிக்கிறோம். ஆகவே முன்கைக் காவியில் மேற்கைக்குச் செங்குத்தான பகுதி மட்டுமே நமக்குச் சான்று. முன்கை 25 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். முழங்கை 60 பாகை மடிந்திருந்தால் செங்குத்துப் பகுதி ஏறத்தாழ 21.7 சென்ரிமீற்றர், மணிக்கட்டின் இடம் 3 சென்ரிமீற்றர் பிசகினாலும் திருப்புக் கோணம் 8 பாகைதான் பிசகும். முழங்கை 5 பாகை மட்டும் மடிந்திருந்தால் அந்தப் பகுதி 2.2 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். அதே 3 சென்ரிமீற்றர்ப் பிசகு இப்போது 54 பாகையாகிறது. பிசகின் திசை மாறினால் கோணம் முழுவட்டத்தில் எங்கும் விழலாம். ஒரே கமரா ஆழத்தை ஊகிப்பதில் 3 சென்ரிமீற்றர் பிசகுவது பெரிய குற்றமல்ல. கை முற்றாக நேரானால் அந்தக் கோணத்துக்குப் பொருளே இல்லை, ஆனாலும் கணினி ஏதோ ஓர் எண்ணைத் தரும். அந்த எண்ணைத்தான் உங்கள் சேர்வோ நேர்மையாகப் பின்பற்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும்: `pose_landmarks` எடுக்கிறீர்களா, `pose_world_landmarks` எடுக்கிறீர்களா?

உவர்மலை மாணவன்

முதலாவது. திரையில் புள்ளிகளை வரைவதற்கும் அதையே பயன்படுத்துவதால் கோணங்களுக்கும் அதையே எடுத்தேன்.

சீனக்குடா

வரைவதற்கு அது சரி. கோணத்துக்கு அதை அப்படியே எடுப்பது பிழை, ஏனெனில் அதில் x படத்தின் அகலத்தாலும் y உயரத்தாலும் வகுக்கப்பட்டு வருகின்றன. 640க்கு 480 படத்தில் நீங்கள் கையைப் பக்கவாட்டில் சரியாக 45 பாகை உயர்த்தினால், கணக்கில் 37 பாகைதான் வரும். தொங்கும் கையும் கிடையாக நீட்டிய கையும் சரியாகவே வருவதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. இரண்டாவது வகை, இடுப்பின் நடுப்புள்ளியை மூலமாகக் கொண்டு மீற்றரில் வருகிறது, அதையே எடுங்கள்.

இனித் திருப்புக் கோணம். S, E, W என்பன தோள், முழங்கை, மணிக்கட்டு. `fwd` என்பது மார்பு நோக்கும் திசை.

```python
a = (E - S) / np.linalg.norm(E - S)
f = (W - E) / np.linalg.norm(W - E)
bend = np.arccos(np.clip(a @ f, -1, 1))
p = f - (f @ a) * a
ref = fwd - (fwd @ a) * a
twist = np.arctan2(np.cross(ref, p) @ a, ref @ p)

w = np.clip((np.degrees(bend) - 12) / 18, 0, 1)
d = (twist - last + np.pi) % (2*np.pi) - np.pi
last += w * d
```

முழங்கை 12 பாகைக்குக் குறைவாக மடிந்திருந்தால் பழைய கோணமே நிற்கும், 30 பாகையைத் தாண்டினால் புதிய கோணம் முழுமையாக ஏற்கப்படும், இடையில் படிப்படியாக. `d` உள்ள வரி, +180க்கும் −180க்கும் இடையிலான எல்லையில் வரும் பாய்ச்சலைக் குறுகிய வழியில் எடுத்துச் செல்கிறது. சேர்வோவுக்கு அனுப்புவது `last`; அதை ஒரு சட்டகத்துக்கு 5 பாகைக்கு மேல் நகராதபடி கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் மீண்டும் மடிக்கத் தொடங்கும்போது இன்னொரு விரலும் போகும்.

உவர்மலை மாணவன்

அண்ணா, தொங்கும் கை அடங்கிவிட்டது. முன்பு −140க்கும் +120க்கும் இடையில் ஓடிய எண் இப்போது அசையாமல் நிற்கிறது. ஆனால் கையைக் கமராவை நோக்கி நேர் முன்னே நீட்டி, முழங்கையைச் சற்று மடித்தால், அதே சேர்வோ மீண்டும் சுழல்கிறது. மடிப்பு 40 பாகை இருக்கும்போதும் சுழல்கிறது.

தம்பலகாமம் ஆசிரியை

உங்கள் கமரா எந்தப் பக்கம் பார்க்கிறது? எங்கள் மண்டபத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கடலிலிருந்து வரும் வெளிச்சம் யன்னல் வழியாக மாணவரின் முதுகுக்குப் பின்னால் விழும். அப்போது கமராவில் உடல் கறுத்த உருவமாகி, முன்னே நீட்டிய கை மார்போடு கலந்துவிடும். கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பியதும் பாதித் தொல்லை குறைந்தது. முழங்கைப் புள்ளியின் `visibility` மதிப்பையும் அச்சிட்டுப் பாருங்கள், அது 0.5க்குக் கீழே விழும் சட்டகங்களைப் பயன்படுத்தாமல் விடுவது நல்லது.

சீனக்குடா

மிஸ் சொல்வது முன்னே நீட்டிய கைக்கு நிச்சயம் பொருந்தும், அதைச் செய்யுங்கள். ஆனால் இதில் என் பிழையும் உண்டு. `ref` ஐ `fwd` இலிருந்து எடுக்கச் சொன்னேன். மேற்கையே `fwd` திசையில் நீண்டால், கழித்த பின் `ref` இல் ஒன்றும் மிஞ்சாது. தொங்கும் கையில் `p` சுருங்கியதுபோல இங்கே ஒப்பிடும் திசை சுருங்குகிறது. மடிப்பு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

ஒப்பிடும் திசையை ரோபோவின் தோளிலிருந்தே எடுக்க வேண்டும். கை தொங்கும்போது, சுழற்சி பூச்சியமாக இருந்தால் முழங்கை முன்னோக்கி மடியும். தோள் முன்னே உயர்ந்தால் அந்தத் திசையும் கூடவே மேல்நோக்கித் திரும்பும். பக்கவாட்டு மூட்டு அந்த முன்திசையையே அச்சாகக் கொண்டு சுழல்வதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. `down` என்பது கீழ்நோக்கும் திசை. `R_pitch` என்பது, இரு தோள்களையும் இணைக்கும் அச்சைச் சுற்றி முன்திசையை `pitch` அளவு மேல்நோக்கித் திருப்பும் அணி:

```python
pitch = np.arctan2(a @ fwd, a @ down)
ref = R_pitch @ fwd
```

இதுவும் முழு விடுதலை அல்ல. கையைப் பக்கவாட்டில் சிலுவைபோல முழுக் கிடையாக நீட்டினால் `a @ fwd`, `a @ down` இரண்டும் பூச்சியமாகி `pitch` தடுமாறும். மூன்று சேர்வோக்களால் தோளைச் செய்யும்போது இந்தத் தடுமாறும் இடத்தை ஒழிக்க முடியாது, வேறெங்காவது தள்ளிவைக்கத்தான் முடியும். நாவோ ரோபோவின் தோள் பக்கவாட்டில் 76 பாகையளவில் நின்றுவிடுவதால் அது அந்த இடத்தை எட்டுவதில்லை. நீங்களும் 75 பாகையில் எல்லை வைத்து, அதற்கு மேல் மனிதர் உயர்த்தினால் `pitch` ஐயும் பழைய மதிப்பிலேயே பிடித்துவையுங்கள்.

உவர்மலை மாணவன்

செய்தேன். முன்னே நீட்டும்போது சுழற்சி இல்லை. மிஸ் சொன்னபடி கமராவையும் திருப்பிவிட்டோம். முழங்கையின் மதிப்பு இப்போது பெரும்பாலும் 0.8க்கு மேல் உள்ளது. இன்னொன்று மட்டும் இருக்கிறது. கண்காட்சியின் தொடக்கத்தில் ரோபோ கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும். நான் கைகளைக் கூப்பினால் ரோபோவின் உள்ளங்கைகள் நான்கு விரல் இடைவெளியில் நிற்கின்றன. கோணங்களை அச்சிட்டுப் பார்த்தால் என்னுடையவையும் ரோபோவுடையவையும் ஒன்றாகவே உள்ளன.

சீனக்குடா

கோணங்கள் ஒன்றாக இருப்பதால்தான் கைகள் சேரவில்லை. உங்கள் ரோபோவின் தோள் அகலத்துக்கும் கை நீளத்துக்கும் உள்ள விகிதம் உங்கள் உடலின் விகிதம் அல்ல. அகலம் கூடினால் இடைவெளி விழும், குறைந்தால் கைகள் மோதும். மணிக்கட்டு மார்பிலிருந்து எங்கே இருக்கிறது என்பதை ரோபோவின் அளவுக்கு மாற்றி, அந்த இடத்தை எட்டும் கோணங்களைத் திருப்பிக் கணிப்பதுதான் முறையான வழி. அப்போது சாதாரண அசைவுகளில் முழங்கை மனிதருடையதைப்போல் நிற்காது. பார்ப்பவருக்கு அது உடனே தெரியும்.

தம்பலகாமம் ஆசிரியை

கண்காட்சிக்கு அவ்வளவு கணக்கு வேண்டுமா? இரண்டு மணிக்கட்டுகளும் 12 சென்ரிமீற்றருக்குள் வந்தால், முன்பே கையால் சரிசெய்து சேமித்த வணக்கக் கோணங்களுக்கு மெதுவாகப் போகச் செய்யலாம்.

சீனக்குடா

யாராவது கைதட்டினால் ரோபோ வணக்கம் சொல்லிக்கொண்டே இருக்கும், மிஸ்.

உவர்மலை மாணவன்

இன்று பாடசாலையில் ரோபோவின் தோள் அகலத்தை அளந்தேன்: 31 சென்ரிமீற்றர். தோளிலிருந்து மணிக்கட்டு வரை 34 சென்ரிமீற்றர். என்னுடையவை 38, 52. இரண்டு முறைகளையும் சனிக்கிழமை சோதித்து, எது என்ன செய்தது என்று இங்கேயே எழுதுகிறேன். கைதட்டலையும் சேர்த்துச் சோதிப்பேன்.